குரங்குக்குட்டி, பூனைக்குட்டி, மூன்று விநாடி: ஆன்மிக ரீல்ஸின் முதல் வரி எப்படி இருக்க வேண்டும்?

"இந்த வீடியோ உங்க கண்ணுல பட்டது தற்செயல் இல்ல. பெருமாளே அனுப்பியிருக்கார். தள்ளிவிடாதீங்க!"

இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் யாருக்கும் இந்த வரி புதிதல்ல. சாமி பெயர் மாறும், மதம் மாறும், பின்னணி இசை மாறும். வரி மட்டும் மாறாது. பலர் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில், உள்ளே இருக்கும் அப்பாவைப் பற்றிய செய்திக்காகக் காத்திருப்பவர் அப்படித் தள்ளிவிட மாட்டார். கடைசி வரை பார்ப்பார், கமென்ட்டில் 'ஓம்' போடுவார், பத்துப் பேருக்கு அனுப்புவார். முதல் வரியில் எதையோ வாக்குக் கொடுத்தவர்கள், அவருக்கு எதையும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதற்குத் தளங்கள் தடை போடும் என்று காத்திருப்பதிலும் பலனில்லை. 'லைக் போடுங்க, பத்துப் பேருக்கு ஷேர் பண்ணுங்க' என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. தலைப்பில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று ஏமாற்றும் வீடியோக்கள் மீது இந்தியாவில் கெடுபிடி காட்டப்போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் சொன்னது. ஆனால் அந்த அறிவிப்பின் கண் பிரேக்கிங் நியூஸ், நடப்புச் செய்திகள் மீதுதான் அதிகம் இருந்தது. 'பெருமாள் அனுப்பினார்' என்பதைப் பொய் என்று எந்த மாடரேட்டர் நிரூபிப்பார்? ஆக, வேலை ஸ்க்ரிப்ட் எழுதுபவரின் மேஜையில்தான் நடக்க வேண்டும்.

அங்கே ஒரு நல்ல எண்ணமும் தடுமாறுகிறது. போதனையை நேர்மையாகச் சொல்ல நினைப்பவர்கள் க்ளிக்பெய்ட்டுக்குப் பயந்து, 'அனைவருக்கும் வணக்கம், இன்றைய பதிவில் நாம் காணவிருப்பது' என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் பார்வையாளர் அடுத்த வீடியோவில் யாரோ பிரியாணி கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூவுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு போதனையை எடுத்துப் பார்த்தால் அது புரியும். ஸ்ரீவைஷ்ணவத்தின் குரங்குக்குட்டி, பூனைக்குட்டிக் கதையே போதும்.

எந்தப் போதனை?

சரணாகதியைப் பற்றி ஸ்ரீவைஷ்ணவத்தில் இரண்டு பார்வைகள் உண்டு. வேதாந்த தேசிகர் வழியில் வரும் வடகலையார், கடவுளின் அருளுக்கு ஜீவனிடமிருந்து ஏதோ ஒரு சிறு அசைவு வேண்டும் என்பார்கள். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழியில் வரும் தென்கலையார், அந்த அருளுக்குக் காரணமே தேவையில்லை என்பார்கள். இதை விளக்க வழக்கமாகச் சொல்லும் உவமைதான் மர்க்கட நியாயமும் மார்ஜார நியாயமும். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும். தாய் அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும்.

ஒரு நிமிட வீடியோவுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. குட்டி இருக்கிறது, அம்மா இருக்கிறாள், ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் ஓர் உபன்யாசகர் தாத்தா, அவருக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் பேரன் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா தென்கலை. பேரன் சென்னையில் ஐ.டி. வேலை, சனி ஞாயிறுகளில் எடிட்டர். அவன் எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "90 சதவீத வைஷ்ணவர்களுக்கே தெரியாத விஷயம் இது!"

தாத்தா முதலில் கேட்கப்போவது, "யாருடா எண்ணினா?" என்றுதான். சதவீதம் கற்பனை என்பது ஒரு கோளாறு. அதைவிடப் பெரிய கோளாறு, இந்த வரியில் போதனையே இல்லை. இதையே வெட்டி பிரதோஷ வீடியோவிலும் ஒட்டலாம், மியூச்சுவல் ஃபண்ட் வீடியோவிலும் ஒட்டலாம். எதற்கும் பொருந்துகிற முதல் வரி எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். க்ளிக்பெய்ட்டைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

அடுத்த முயற்சி: "வடகலையா, தென்கலையா? எது சரி? கடைசி வரை பாருங்க!" இதில் போதனை இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் பார்வையாளருக்குக் கேட்பது சண்டைக்கான அழைப்பு மட்டும்தான். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்பதிலிருந்து, சந்நிதியில் யார் முதலில் பாசுரம் சொல்வது என்பது வரை இந்தப் பிரிவு பிரிட்டிஷ் காலத்திலிருந்தே நீதிமன்றப் படியேறியிருக்கிறது. இப்படித் தொடங்கினால் கமென்ட் பகுதி நிரம்பும். அருளைப் பற்றி அங்கே ஒருவரும் பேச மாட்டார்கள்.

மூன்றாவது வரி கொஞ்சம் பக்குவம்: "கடவுளை நாம பிடிச்சுக்கணுமா, இல்ல அவர் நம்மைப் பிடிச்சுப்பாரா?" நேர்மையான கேள்விதான். சதவீதம் இல்லை, சண்டை இல்லை. நிறைய எடிட்டர்கள் இந்த இடத்தில் திருப்தியாகி ரெக்கார்டிங்குக்குப் போய்விடுவார்கள். தாத்தா இங்கேதான் கையைப் பிடித்து நிறுத்துவார்.

"அவா அப்படிச் சொல்லலைடா கண்ணா. நாமளே நம்மைக் காப்பாத்திக்கணும்னு வடகலைக்காரா எங்கேடா சொன்னா?"

பிடிப்பது குட்டி, தாவுவது யார்?

தாத்தா சொல்வது சின்ன விஷயமில்லை. வடகலை மரபு அந்தச் சிறு அசைவை 'வ்யாஜம்' என்கிறது. நடுவீட்டுத் தமிழில் சொன்னால், சாக்கு. காப்பாற்றுகிறவர் கடவுள்தான், காப்பாற்ற அவருக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவே. சரணாகதி என்பது மோட்சத்துக்கு நாம் கட்டும் விலை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. மூன்றாவது வரியின் 'நாமா, அவரா?' என்ற கேள்வி, வடகலையை 'சொந்த முயற்சிக் கட்சி' ஆக்கிவிடுகிறது.

அந்தக் கேள்வி தென்கலையையும் அதே அளவுக்குக் கெடுக்கும். 'அவர் பிடிச்சுப்பார்' என்பதை நீட்டினால், 'நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், எல்லாம் அவர் பார்த்துப்பார்' என்று வந்து நிற்கும். கேட்க இதமான வரி, ரீல்ஸில் நன்றாக ஓடக்கூடிய வரி. ஆனால் தென்கலை ஆசாரியர்கள் சொன்னது அதுவல்ல. தாய் கவ்வ வரும்போது விலகி ஓடாமல் இருக்க வேண்டும் என்பதை அவர்களும் பேசுகிறார்கள். அதற்கு 'விலக்காமை' என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல்லே இருக்கிறது. அதுகூட அருளுக்குக் காரணம் ஆகாது என்பதுதான் அவர்கள் வாதம். இது சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு தரப்பும் பேசுவது மோட்சத்தைப் பற்றி. வீட்டுக் கடன், இன்டர்வியூ, ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி அல்ல. 'கடன் தொல்லையா? இந்தப் பூனைக்குட்டி ரகசியம் போதும்' என்று ஒரு வரி எழுதினால், அது மிகைப்படுத்தல் என்பதோடு நிற்காது. மருந்தை நிறுத்திவிட்டுச் 'சும்மா கிடப்பதுதான் சரணாகதி' என்று ஒருவர் நம்பினால், அதில் முதல் வரி எழுதியவருக்கும் பங்கு உண்டு.

ஆக, தாத்தாவும் பேரனும் நாலாவது முறை உட்கார்கிறார்கள். இந்த முறை கருத்தை விட்டுவிட்டு உவமையையே உற்றுப் பார்க்கிறார்கள். குரங்குக்குட்டி பிடித்துக்கொள்வது உண்மை. ஆனால் கிளைக்குக் கிளை தாவுவது யார்? அம்மாதான். குட்டி எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் ஓரடிகூட அது தாவவில்லை. அப்படியானால் வரி இது:

"குட்டிக் குரங்கு அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சிருக்கும். ஆனா மரத்துக்கு மரம் தாவுறது அம்மாதான். பூனைக்குட்டி பிடிச்சுக்கிறதுகூட இல்ல, அம்மாவே வந்து கவ்விக்கும்."

சாக்கும் இதில் வந்துவிட்டது, காரணமில்லாத அருளும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தூக்கிச் செல்வது தாய்தான் என்கிற பொது இடமும் வந்துவிட்டது. 'ரகசியம்', 'அதிர்ச்சி', 'கடைசி வரை' எதுவும் தேவைப்படவில்லை. குட்டிக்கு என்ன ஆகும் என்று பார்க்க ஆள் நிற்பார். நான்காவது வாக்கியத்தில்தான் கடவுள் வருகிறார், ஐந்தாவதில் தேசிகர், ஆறாவதில் பிள்ளை லோகாசாரியர்.

வினைச்சொல் கடைசியில் வரும் மொழி

இந்த வரி ஏன் பிழைக்கிறது என்பதற்கு இன்னொரு காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. நிதானமாகப் பேசினால் மூன்று விநாடியில் ஆறேழு தமிழ்ச் சொற்கள்தான் போகும். அதற்குள் பலர் கிளம்பிவிடுவார்கள். நம் மொழியிலோ வினை கடைசியில் வருகிறது. 'இல்லை', 'அல்ல', 'தவறு' எல்லாம் அதற்கும் பின்னால் வருகின்றன.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "கடவுள் காப்பாத்துவார்னு ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருக்கிறதுதான் சரணாகதின்னு நினைச்சா, அது தப்பு." முழுதாகக் கேட்டால் மிகச் சரி. ஆறாவது சொல்லில் தள்ளிவிட்டவர் காதில் விழுந்தது நேர் எதிர். தவறான கருத்தை முதலில் வைத்து, பிறகு அதை மறுப்பது மேடைப் பேச்சில் பழைய உத்தி. மேடையில் யாரும் பாதி வாக்கியத்தில் எழுந்து போக மாட்டார்கள் என்பதால் அங்கே அது வேலை செய்கிறது. ரீல்ஸில் அந்தப் பாதி வாக்கியம்தான் பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேரும் மொத்த உபன்யாசம்.

அதனால் எழுதிய வரியைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெட்டிப் பார்க்க வேண்டும். 'குட்டிக் குரங்கு அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சிருக்கும்.' இங்கே ஒருவர் போய்விட்டால் அவர் எடுத்துப்போவது குரங்கைப் பற்றிய ஓர் உண்மை. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. 'தாவுறது அம்மாதான்' வரை நின்றவருக்குச் சாக்கு என்ற கருத்தின் பாதி வந்துவிடுகிறது. 'கவ்விக்கும்' வரை நின்றால் போதனையின் எலும்புக்கூடே கையில் இருக்கிறது. எங்கே வெட்டினாலும் பொய் விழக்கூடாது, அவ்வளவுதான் விதி. பேச்சைவிடத் திரையில் ஓடும் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு, இரண்டு மூன்று சொல்லாக உடைந்து வரும் அந்த எழுத்து மட்டும்தான் உபன்யாசகர். 'பிடிக்க / வேண்டியது / இல்லை' என்று மூன்று துண்டாக ஓடவிட்டால் முதல் இரண்டு துண்டும் எதிர் அணியில் ஆடும்.

அவதாரிகை: ஏற்கெனவே இருக்கும் கலை

வேடிக்கை என்னவென்றால், முதல் வரி எழுதுவதை வைஷ்ணவ மரபு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கலையாகச் செய்துவைத்திருக்கிறது. ஆழ்வார் பாசுரங்களுக்கு உரை எழுதிய ஆசாரியர்கள், பாசுரத்துக்கு நேராகப் பொருள் சொல்லத் தொடங்குவதில்லை. முதலில் 'அவதாரிகை' என்று ஒரு முன்னுரை வைப்பார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதுதான் 'ஈடு' என்ற உரை. அதில் ஒவ்வொரு பத்துப் பாட்டின் வாசலிலும் அவதாரிகையைப் பார்க்கலாம். முந்தைய பாட்டில் ஆழ்வார் எந்த மனநிலையில் இருந்தார், இப்போது ஏன் இதைச் சொல்ல நேர்ந்தது என்பதுதான் அதன் விஷயம். ஒரு தவிப்பையோ கேள்வியையோ அது காட்டும். அந்த ஏடுபடுத்தியவரின் மகன்தான் பூனைக்குட்டித் தரப்பின் பிள்ளை லோகாசாரியர்.

க்ளிக்பெய்ட்டுக்கும் அவதாரிகைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே துல்லியமாகப் பிடிக்கலாம். க்ளிக்பெய்ட், பார்வையாளருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறது: பணம், பலன், ரகசியம், பாதுகாப்பு. அவதாரிகை, இந்தப் போதனை எங்கிருந்து எழுந்தது என்று சொல்கிறது. முன்னது பார்ப்பவரின் பயத்தையும் ஆசையையும் பிடித்து இழுக்கிறது. பின்னது போதனைக்குள்ளேயே இருக்கும் முடிச்சைக் காட்டுகிறது. முடிச்சைப் பார்த்தால் அவிழ்வதையும் பார்க்கத் தோன்றும். ஆர்வத்தைத் தூண்டுவதே தப்பு என்று சொல்பவர்கள் ஒருமுறை ஈட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

'ரகசியம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸ் உலகில் இதைவிடத் தேய்ந்த சொல் இல்லை. ஆனால் ஸ்ரீவைஷ்ணவத்தில் அது சாஸ்திரச் சொல். திருமந்திரம், துவயம், சரம ஸ்லோகம் ஆகிய மூன்றும் சேர்ந்து 'ரகஸ்யத்ரயம்'. தேசிகரின் பெரிய நூல் ஒன்றின் பெயரே 'ரகஸ்யத்ரய ஸாரம்'. பிள்ளை லோகாசாரியர் எழுதிய பதினெட்டு நூல்களை 'அஷ்டாதச ரகஸ்யங்கள்' என்றே சொல்வார்கள். அப்படியானால் வைஷ்ணவ வீடியோவில் 'ரகசியம்' போடலாமா? போடலாம், வீடியோ அதைப் பற்றியதாக இருந்தால்.

திருக்கோஷ்டியூர்க் கதை அதற்குத் தோதானது. நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து ராமானுஜர் பெற்ற உபதேசத்தை, யாருக்கும் சொல்லாதே என்ற நிபந்தனையை மீறி, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார் என்பது குருபரம்பரைக் கதை. "சொல்லாதேன்னு சொல்லிக்கொடுத்ததை ராமானுஜர் ஊரைக் கூட்டிச் சொன்னார்." இதில் ரகசியம் இருக்கிறது, ஆனால் பார்ப்பவரை ஏய்க்க வரவில்லை; ரகசியம் உடைந்ததுதான் கதையே. அவர் சொன்னது எட்டெழுத்து மந்திரமா, சரம ஸ்லோகத்தின் பொருளா என்பதில் மரபுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு. எனவே வரியில் 'மந்திரத்தை' என்று அடித்துச் சொல்லாமல் 'சொல்லிக்கொடுத்ததை' என்று விடுவதே பத்திரம். ஒரு சொல்லைப் பொதுவாக வைப்பதும் சில நேரம் நேர்மைதான்.

மறுபக்கம், தொடக்கத்தில் பார்த்த 'பெருமாளே அனுப்பினார்' வரியை இந்தப் போதனையின் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே குட்டியைக் கவ்விக்கொண்டு போவது பெருமாள் இல்லை, அல்காரிதம். 'தள்ளிவிட்டால் அருள் போய்விடும்' என்று மிரட்டுவது, காரணமில்லாத அருள் என்று ஒரு தரப்பு சொல்வதற்கும் நேர் எதிர், சிறு சாக்கே போதும் என்று மறுதரப்பு சொல்வதற்கும் நேர் எதிர். மரியாதைக்குறைவு என்று மட்டும் அதை ஒதுக்க முடியாது. சித்தாந்தப்படியே அது பிழை.

நம்பர் குறைந்தால்?

குறையலாம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 'அதிர்ச்சி ரகசியம்' போட்ட வீடியோவைவிடக் குட்டிக் குரங்கை முதல் நொடியில் தள்ளிவிடுபவர்கள் அதிகம் இருக்கக்கூடும். அதனால் வெறும் வியூஸை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே அது ஒரு வியூ. திரும்ப ஓடினால் இன்னொன்று. தடவிக்கொண்டே போன விரலும் அந்தக் கணக்கில் இருக்கும். எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்பதையும், எந்த விநாடியில் எவ்வளவு பேர் மிச்சம் என்ற கோட்டையும் ஸ்டூடியோ ஆப் தனியாகக் காட்டுகிறது. படிக்க வேண்டியது அதை.

வாக்குக் கொடுத்து ஏமாற்றும் வரி இருந்தால், கோடு முதலில் உயரமாக நின்று, 'இவர் விஷயத்துக்கு வர மாட்டார்' என்று பார்வையாளருக்குப் புரியும் விநாடியில் சரியும். முடிச்சைக் காட்டும் வரி ஆரம்பத்திலேயே ஆட்களை இழக்கும். நின்றவர்கள் மெதுவாகத்தான் கலைவார்கள். ஒரு வீடியோவை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. பின்னணிப் பாட்டு, பதிவிட்ட நேரம், கார்த்திகையா மார்கழியா என்பதெல்லாம் கோட்டைக் குலைக்கும். ஒரே உபன்யாசகர், ஒரே நீளம், வேறு வேறு தொடக்கம் என்று ஏழெட்டு வீடியோ ஆன பிறகுதான் அந்தக் கோடு பேசத் தொடங்கும்.

கோட்டைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பது கமென்ட். இரண்டாவது வரியைப் போட்டிருந்தால் நாமச் சண்டை வந்திருக்கும். 'ஓம் நமோ நாராயணாய' மட்டும் வரிசையாக வந்தால், கேட்டார்களா என்பதே தெரியாது. குட்டிக் குரங்கு வரிக்கு யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார் என்று எதிர்பார்க்கலாம்: "சுவாமி, குட்டி தூங்கிப்போய்க் கையை விட்டுட்டா?"

அவதாரிகை வந்துவிட்டது. பேரன் கேமராவை மறுபடி ட்ரைபாடில் மாட்ட வேண்டியதுதான்.